ஆடியில் கேட்டதால் குறைந்த வாடகை

எங்கள் இறுதியாண்டுக் குறும்படத்துக்கு நான்தான் புரொடக்‌ஷன் மேனேஜர். படப்பிடிப்பு கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். கேமரா, இரண்டு லென்ஸ், டிரைபாட், ஒரு எல்இடி லைட், ஒலிப்பதிவுக் கருவி என்று மொத்த செட்டும் கோவையில் ஒரு வாடகைக் கடையிலிருந்து வரவேண்டும். நாளுக்கு 9,000 ரூபாய். வெள்ளி மாலை எடுத்துத் திங்கள் காலை திருப்பினால் கடைக் கணக்கில் மூன்று நாள், 27,000. அவ்வளவு எங்களிடம் இல்லை.

மாணவர்கள் என்று சொன்னாலே குறைப்பார்கள் என்று இயக்குநர் நம்பினார். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. இந்தக் கடைகளுக்குக் கல்யாண வீடியோக்காரர்கள்தான் பெரிய வாடிக்கை. முகூர்த்தம் விழும் சனி, ஞாயிறில் முழு வாடகை கொடுக்க ஆள் இருக்கும்போது நமக்கு எதற்குக் குறைக்க வேண்டும்? அதனால் கடிதத்துக்கு முன்னால் தேதியை மாற்றினேன். ஆடியில் கல்யாணம் கிடையாது, கேமரா கடையில் சும்மாதான் இருக்கும். மழை வருமே என்று கேமராமேன் முணுமுணுத்தார். தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சி பக்கம் கொட்டுகிற அளவுக்குக் கிழக்கே இருக்கும் கோத்தகிரியில் கொட்டாது. சாரலும் மூடுபனியும் இருக்கும். கதைக்கு அது வேண்டியதுதான்.

கதையைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை. கடைக்காரருக்கு அது எதற்கு? அனுப்பியது இதுதான்:

“ஐயா, வணக்கம். எங்கள் துறையின் இறுதியாண்டுக் குறும்படத்துக்கு இணைப்பில் உள்ள கருவிகள் தேவை. ஆடி மாதத்தின் இரண்டாவது வெள்ளி மாலை 6 மணிக்கு எடுத்து, திங்கள் காலை 10 மணிக்குள் ஒப்படைப்போம். மூன்று நாளுக்குப் பதில் இரண்டு நாள் வாடகையாகக் கணக்கிட முடியுமா என்று கேட்டுக்கொள்கிறோம். அந்த வாரம் உங்களிடம் வேறு புக்கிங் இருந்தால், ஆடியிலேயே வேறு வார இறுதிக்கு வரத் தயார். இடம் கோத்தகிரி, தோட்ட உரிமையாளரின் அனுமதிக் கடிதத்தை இணைத்துள்ளோம். மழை உறை எங்களிடம் உள்ளது, சாரல் வலுத்தால் வெளிக் காட்சி எடுக்க மாட்டோம். சேதம் ஏற்பட்டால் பழுதுச் செலவு எங்களுடையது. துறைத் தலைவர் கையெழுத்திட்ட கடிதமும் அடையாள அட்டை நகல்களும் உடன் உள்ளன. நீங்கள் சொல்லும் தொகை ஜி.எஸ்.டி. சேர்த்தா, தனியா என்றும் தெரிவிக்கவும்.”

தேதியை மாற்றத் தயார் என்ற வரிதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். மறுநாளே கடைக்காரர் போனில் வந்தார். “ஏனுங்க தம்பி, மழைக்காலத்துல மலைக்குக் கொண்டு போறீங்க. லென்ஸுக்குள்ள ஈரம் போச்சுன்னா பழுது பார்த்துத் தர்றதோட முடியாதுங்க, அது சர்வீஸ்ல கிடக்கிற நாளுக்கு எனக்கு வாடகையும் போகுமே?” நியாயமான கேள்வி. அதிகபட்சம் ஒரு வார வாடகையையும் ஏற்றுக்கொள்கிறோம் என்று எழுதிச் சேர்த்தோம். வரம்பு போடாமல் ஒப்புக்கொண்டிருந்தால் ஆபத்து.

அப்புறம் அவர் ஒரு நிபந்தனை வைத்தார். “ரெண்டு நாள் வாடகை போதுங்க. ஆனா நம்ம பையன் ஒருத்தன் கூட வருவான்.” கேமரா அட்டெண்டருக்கு நாளுக்கு 1,000 ரூபாய் பேட்டா, சாப்பாடு, தங்குமிடம் எங்கள் பொறுப்பு. வாடகை 18,000, ஜி.எஸ்.டி. 3,240, மூன்று நாள் பேட்டா 3,000. ஆக மொத்தம் 24,240. மூன்று நாளுக்கும் முழு வாடகை என்றால், ஜி.எஸ்.டி.யும் இதே பேட்டாவும் சேர்த்து 34,860 ஆகியிருக்கும். முன்பணம் 5,000, மீதி எடுக்கும்போது.

பேட்டாவைச் சிலர் வீண் செலவு என்றார்கள். குளிரில் காட்சி முடித்து, அடுப்பு எரியும் லயன் வீட்டுக்குள் நுழைந்ததும் எங்கள் ஆள் பையைத் திறக்கப் போனார். அட்டெண்டர் கையைப் பிடித்துத் தடுத்து, ஒரு மணி நேரம் பை மூடியே இருக்கட்டும் என்றார். குளிர்ந்த லென்ஸ்மேல் சூடான ஈரக்காற்று பட்டால் உடனே நீர் பூக்கும். வெளிக் கண்ணாடியில் பூத்தால் துடைத்துவிடலாம், உள்ளே பூத்தால் காட்சி முழுக்கப் பால் போலத் தெரியும். சீக்கிரம் காயாது, நாளடைவில் பூஞ்சையும் பிடிக்கும்.

கோவைப் பதிவு வண்டிக்கு நீலகிரி இ-பாஸ் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். ஞாயிறு இரவே இறங்கிவிடலாம் என்று பேச்சு வந்தது, மூடுபனியில் அந்த மலைப்பாதை வேண்டாம் என்று மறுத்துவிட்டேன். திங்கள் விடியும்போது கிளம்பிப் பத்து மணிக்கு முன்பே கடையில் இருந்தோம். எடுக்கும்போது போனில் படம் பிடித்து வைத்த பட்டியலை வைத்து, பேட்டரி எண்ணிக்கை முதல் லென்ஸ் மூடி வரை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.