மேடையில் சொன்னது ஜூமில் போய்ச் சேரவில்லை

போன ஞாயிற்றுக்கிழமை மன்னார்குடியில் எங்கள் வாசகர் வட்டக் கூட்டம். மண்டபத்தில் 40 பேர், ஜூமில் 30 பேர். மேட்டூரைத் திறந்த பிறகும் கடைமடை வயலுக்குத் தண்ணீர் ஏன் பிந்தி வருகிறது என்று ஓய்வுபெற்ற நீர்வளத்துறைப் பொறியாளர் ஒருவர் பேச வந்திருந்தார். அவரை அறிமுகம் செய்யும் பொறுப்பு எனக்கு.

நான்கு நிமிடம் பேசினேன், பொன்னாடை போர்த்தினோம், கைதட்டலும் ஆயிற்று. அவர் எழுந்து மைக்கைப் பிடித்த பிறகுதான், லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி ஓடி வந்தான். சிங்கப்பூரிலிருந்து ஒரு அக்கா எழுதியிருந்தார்: “பேசப்போவது யார்? பெயரே காதில் விழவில்லை.” எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவரைப் பற்றி விசாரித்து எழுத ஒரு வாரம் ஆகியிருந்தது.

தவறு காலையிலேயே நடந்துவிட்டது. சோதித்தபோது லேப்டாப்புக்கு முன்னால் நின்று “கேட்கிறதா?” என்றோம்; நன்றாகவே கேட்டது. மேடை மைக்கில் பேசிப் பார்க்கவில்லை. அந்த மைக் ஆம்ப்ளிஃபயருக்கு மட்டும்தான் போகிறது. லேப்டாப்புக்குக் கிடைப்பது பதினைந்து அடி தள்ளியிருக்கும் பாக்ஸிலிருந்து சுவரில் மோதி வரும் சத்தம். இரைச்சலைக் குறைக்கும் ஜூமின் வசதி அந்தச் சத்தத்திலும் பாதியை வெட்டிவிடும்.

மைக் செட்டிலிருந்து ஒரு வயரை லேப்டாப்பின் ஹெட்போன் ஓட்டையில் செருகிப் பார்த்தோம், எடுக்கவில்லை. அது ஹெட்செட் மைக்குக்கான வழி. செட்டுக்கும் லேப்டாப்புக்கும் நடுவே யூஎஸ்பி சவுண்ட் கார்டு வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை அதற்கு எங்கே போவது? தம்பி தன் போனையும் ஜூமில் சேர்த்து மேடையில் வைத்தான். உடனே மண்டபமே ஊளையிட்டது. போனில் வரும் சத்தத்தை மேடை மைக் பிடித்துக்கொள்கிறது. ஒலியைக் குறைத்தாலும் அந்தப் போனில் முழுதாக அடங்கவில்லை.

செட்காரர் அண்ணன்தான் வழி சொன்னார். போனில் வயர் இயர்போனைச் செருகி, அதிலுள்ள குட்டி மைக்கை மேடை மைக்கின் கழுத்தில் ரப்பர் பேண்டால் கட்டினோம். சத்தம் இயர்போனுக்குள்ளேயே அடங்கிவிட்டது. லேப்டாப்பின் மைக்கை மியூட் செய்தோம். ஊளை நின்றது.

ஐயாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மறுபடி அறிமுகம் செய்தேன். இந்தத் தடவை ஒரே நிமிடம். முதலில் கேமராவைப் பார்த்து, “ஜூமில் இருப்பவர்களுக்குக் கேட்கிறதா?” என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். பதில் எழுத்தாக வர ஐந்தாறு விநாடி ஆகும், அதற்குள் பேசத் தொடங்கிவிடக் கூடாது. அப்புறம் ஐயாவின் பெயர், ஊர், வெண்ணாற்றுப் பாசனத்தில் அவர் செய்த வேலை, இன்றைய தலைப்பு, திரும்பவும் பெயர். “இதோ அமர்ந்திருக்கிறார்” என்று கை காட்டவில்லை. அவரையே கேமராவுக்கு முன்னால் வரச் சொன்னேன். முதல் தடவை பொன்னாடை போர்த்தியபோது ஜூமில் தெரிந்தது எங்கள் முதுகுதான். தம்பி பெயரையும் தலைப்பையும் சாட்டில் போட்டான்.

பேச்சு முடிந்ததும் முதல் கேள்வி கேட்டது அந்தச் சிங்கப்பூர் அக்காதான். ஐயாவைப் பெயர் சொல்லி அழைத்து, திருத்துறைப்பூண்டிப் பக்கம் தங்கள் வாய்க்காலைப் பற்றிக் கேட்டார்.