ஆகஸ்டில் ஓய்வு, அக்டோபரிலும் சம்பளம்

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைக் கம்பெனி. இரண்டு எஸ்டேட், ஒரு தொழிற்சாலை. 2022-23 கணக்கைத் தணிக்கை செய்ய நானும் எங்களிடம் சி.ஏ. பயிற்சி பெறும் ஆர்ட்டிகிள் பையனும் மே மாதம் முழுக்கக் குன்னூரிலிருந்து பஸ்ஸில் போய்வந்தோம். தினக்கூலித் தொழிலாளர்கள் சுமார் 640 பேர், மாதச் சம்பளக்காரர்கள் 38 பேர். தேயிலையில் பெரிய செலவே கூலிதான். ஆனால் அந்தக் கூலியைக் கணக்குப் போடுவது எஸ்டேட் ஆபீஸ் இல்லை. மூன்று வருடங்களாக வெளியூர்க் கம்பெனி ஒன்றிடம் அந்த வேலை போய்விட்டது. ஹெட் கிளார்க் மாதாமாதம் வருகையையும் பறித்த கிலோவையும் ஒரு ஃபைலாக ஏற்றுவார். அங்கிருந்து சம்பளப் பட்டியலும் வங்கிக்கு அனுப்ப வேண்டிய ஃபைலும் வரும்.

அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குள் நடப்பதை நாங்கள் பார்க்க முடியாது. அதற்காகத்தான் சேவை நிறுவனக் கட்டுப்பாட்டு அறிக்கை, சுருக்கமாக எஸ்ஓசி, என்று ஒன்று இருக்கிறது. தவறு நடக்காமல் தடுக்க அங்கே இருக்கும் ஏற்பாடுகளை, அதாவது கட்டுப்பாடுகளை, வேறொரு தணிக்கையாளர் பார்த்து எழுதுவது அது. முதலில் எங்களுக்கு வந்தது எஸ்ஓசி 2 அறிக்கை. அது தகவல் பாதுகாப்பைப் பற்றியது, கூலிக் கணக்கு சரியா என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது. திருப்பி எழுதி, வாடிக்கையாளரின் நிதிக் கணக்கைத் தொடும் கட்டுப்பாடுகளைப் பற்றிய எஸ்ஓசி 1, டைப் 2 அறிக்கையை வாங்கினோம். டைப் 1 என்றால், குறிப்பிட்ட ஒரு நாளில் கட்டுப்பாடுகள் சரியாக அமைக்கப்பட்டிருந்தனவா என்பதோடு நின்றுவிடும். டைப் 2 என்றால், ஒரு காலம் முழுக்க அவை உண்மையிலேயே வேலை செய்தனவா என்று இன்னொரு தணிக்கையாளர் சோதித்திருப்பார்.

அறிக்கை 64 பக்கம். தணிக்கையாளரின் கருத்தில் குறை எதுவும் இல்லை. பையன் அதைப் படித்துவிட்டு, "மேடம், கிளீன் ரிப்போர்ட். அப்போ பேரோல் முடிஞ்சுதா?" என்று கேட்டான். நானும் அவன் வயதில் அப்படித்தான் நினைத்தேன். அவனை உட்காரவைத்து 41ஆம் பக்கத்தைப் படிக்கச் சொன்னேன்.

அந்தப் பக்கத்தில் வாடிக்கையாளர் தரப்புக் கட்டுப்பாடுகள் என்று ஒரு பட்டியல் இருந்தது. சேவைக் கம்பெனியின் கட்டுப்பாடுகள் பலிக்க வேண்டுமானால் வாடிக்கையாளர், அதாவது தேயிலைக் கம்பெனி, இவற்றையெல்லாம் தன் பக்கம் செய்ய வேண்டும் என்பதுதான் அதன் பொருள். அனுப்பும் வருகையும் அளவும் சரியா என்று பார்க்க வேண்டும். வேலையை விட்டவரைப் பற்றி உடனே தெரிவிக்க வேண்டும். திரும்பிவரும் பட்டியலைப் பணம் போகும் முன் ஒருவர் சரிபார்க்க வேண்டும். அறிக்கை எழுதிய தணிக்கையாளர் இவற்றில் ஒன்றையும் சோதிக்கவில்லை. அவர் நம் எஸ்டேட்டுக்கு வரவே இல்லையே. வெளியாரிடம் வேலையைக் கொடுக்கும் கம்பெனிகளின் தணிக்கைக்கான எஸ்ஏ 402 தணிக்கைத் தரம் இந்த வேலையை வாடிக்கையாளரின் தணிக்கையாளரிடம், அதாவது எங்களிடம் விடுகிறது.

பட்டியலை வைத்துக்கொண்டு யோசித்தபோது ஒன்று புரிந்தது. ஒரே கட்டுப்பாடு இரண்டு விதமான ஆட்களுக்கு இரண்டு விதமாக வேலை செய்கிறது. தினக்கூலிக்காரர் நின்றுவிட்டால் யாரும் சொல்லாவிட்டாலும் அவ்வளவாகக் கெடுதல் இல்லை. செக் ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் அவருக்கு வருகை விழாது, கூலியும் வராது. மாதச் சம்பளக்காரர் அப்படி இல்லை. வரவில்லை என்று யாராவது சொன்னால்தான் சம்பளம் நிற்கும், சொல்லாவிட்டால் முழுச் சம்பளம் போய்க்கொண்டே இருக்கும். ஆக, தொழிலாளர்களைப் பொறுத்தவரை ஆபத்து நாளிலும் கிலோவிலும். ஸ்டாஃபைப் பொறுத்தவரை ஆபத்து, விட்டுப்போனவர்களில்.

38 பேர்தான் என்பதால் மாதிரி எடுக்காமல் எல்லோரையும் பார்த்தோம். ஆபீஸில் இருந்த பணி விலகல் கடிதங்களையும் ஓய்வுக் கோப்புகளையும் மாதவாரிச் சம்பளப் பட்டியலோடு ஒப்பிட்டோம். ஒரு ஃபீல்ட் சூப்பர்வைசர் ஆகஸ்ட் 31 அன்று ஓய்வு பெற்றிருக்கிறார். செப்டம்பருக்கும் அக்டோபருக்கும் அவர் கணக்கில் மாதம் 21,400 ரூபாய் ஏறியிருந்தது. ஹெட் கிளார்க் தகவல் அனுப்பிய மின்னஞ்சலின் தேதி நவம்பர் 3. இரண்டு மாதமும் சம்பளப் பட்டியலில் மேனேஜரின் கையெழுத்து இருந்தது.

மேனேஜரிடம் கேட்டபோது, "மொத்தத் தொகை போன மாசத்தோட ஒத்துப்போகுதான்னு பார்ப்பேன் மேடம்" என்றார். அவர் உண்மையைத்தான் சொன்னார். அந்தக் கையெழுத்தின் கோளாறும் அதில்தான் இருந்தது. போகவேண்டியவர் போகாவிட்டால் மொத்தத் தொகை போன மாதத்தோடு கச்சிதமாக ஒத்துப்போகும். 42,800 ரூபாய் கம்பெனியின் கணக்கில் பெரிய தொகை இல்லைதான். ஆனால் நாங்கள் நம்பி நிற்க நினைத்த கட்டுப்பாடு வேலை செய்யவில்லை. அதனால் ஸ்டாஃப் சம்பளத்தில் அதன்மேல் சாய்வதை விட்டுவிட்டு, 12 மாதத்தையும் ஆள் ஆளாகச் சரிபார்த்தோம். வேறு எதுவும் வரவில்லை. ஓய்வு பெற்றவர் அதை விடுப்புச் சம்பளம் என்று நினைத்திருந்தார். விஷயம் தெரிந்ததும் அவரே வந்து கட்டிவிட்டார்.

தொழிலாளர் பக்கம் நிலைமை நேர்மாறு. ஹெட் கிளார்க் ஒரு தடித்த நோட்டை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு மாதமும் சம்பளப் பட்டியலில் வந்த மொத்தக் கிலோவையும் தொழிற்சாலையின் பசுந்தேயிலை வரவுப் புத்தகத்தில் இருக்கும் கிலோவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருந்தார். அக்டோபரில் கூலிக்கு எடுத்தது 1,86,400 கிலோ, தொழிற்சாலைக்கு வந்தது 1,84,900. 1,500 கிலோ வித்தியாசத்துக்கு எதிரே, மழை நாட்களில் ஈர இலைக்குக் கழித்தது என்று நாள்வாரியாகக் குறிப்பு. யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. பறிக்காத இலைக்குக் கூலி போட்டால் அந்த இலை தொழிற்சாலையில் இருக்காது. இதைவிட நல்ல கட்டுப்பாட்டை நான் பெரிய கம்பெனிகளிலும் அதிகம் பார்த்ததில்லை. நான்கு மாதங்களை நாங்களே திரும்பப் போட்டுப் பார்த்து அதன்மேல் நின்றோம்.

அப்புறம் காலம். அறிக்கை 2022 ஜனவரி முதல் டிசம்பர் வரை. நம் ஆண்டு முடிவது மார்ச் 31. கடைசி மூன்று மாதத்துக்கு அறிக்கை இல்லை. அதற்குப் பதில், முக்கிய மாற்றம் ஏதுமில்லை என்று அந்தக் கம்பெனி எழுதிய இடைக்காலக் கடிதம் வந்தது. அது அவர்களே தங்களைப் பற்றிச் சொல்வது, எந்தத் தணிக்கையாளரும் சோதித்தது இல்லை. பனிக் காலம் என்பதால் அந்த மாதங்களில் பறிப்பு குறைவு, கூடுதல் கிலோவுக்கான கூலியும் குறைவு. கடிதமே போதும் என்று விட்டுவிடத் தோன்றியது.

ஆனால் ஹெட் கிளார்க் பேச்சுவாக்கில் சொன்னார்: "பிப்ரவரியிலேர்ந்து புதுப் பக்கத்துலதான் ஏத்தறோம். முன்னெல்லாம் ஏத்தினதும் மொத்தக் கிலோவைக் காட்டி, சரியான்னு கேக்கும். இப்போ கேக்கறதில்ல." சேவைக் கம்பெனிக்கு அது முக்கிய மாற்றமாகப் படவில்லை. எங்களுக்கு முக்கியம்தான். ஏற்றிய ஃபைல் முழுசாகப் போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ள இருந்த ஒரே இடம் போய்விட்டது. பிப்ரவரி, மார்ச் இரண்டுக்கும் ஏற்றிய ஃபைலின் வரிகளைச் சம்பளப் பட்டியலோடு முழுசாக ஒப்பிட்டோம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை 25 பேருடைய கூலியை, பி.எஃப். பிடித்தம் உட்பட, கையால் கணக்குப் போட்டோம். எல்லாம் ஒத்துப்போனது.

எங்கள் தணிக்கை அறிக்கையில் அந்த 64 பக்கத்தைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. நம் கருத்தில் குறை எதுவும் சொல்லாதபோது சேவைக் கம்பெனியின் தணிக்கையாளரைக் குறிப்பிட எஸ்ஏ 402 அனுமதிப்பதில்லை, பொறுப்பு முழுக்க நம்முடையது. நிர்வாகத்துக்கு எழுதிய கடிதத்தில் இரண்டு விஷயம் கேட்டோம். மேனேஜர் மொத்தத்தைப் பார்க்காமல், அந்த மாதம் சேர்ந்தவர் விலகியவர் பட்டியலை வைத்துப் பெயர் பெயராகப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஹெட் கிளார்க்கின் நோட்டை ஆபீஸின் முறையான பதிவேடாக ஆக்க வேண்டும், ஏனென்றால் அவருக்கும் அடுத்த வருடம் ஓய்வு.