நான்காவது டெஸ்ட் கேஸ்

அந்த ஒரு மார்க்கைக் குறைத்தது சரிதானா என்று இன்னும் எனக்குத் தெளியவில்லை.

மென்பொருள் சோதனைத் தேர்வுக்கான கேள்வித்தாள் நான் தயாரித்ததுதான். மதிப்பெண் 0 முதல் 100 வரை இருக்கலாம், 50-உம் அதற்கு மேலும் தேர்ச்சி, வரம்பைத் தாண்டினால் பிழை. முதல் பகுதி பிளாக் பாக்ஸ், அதாவது புரோகிராமின் கோடைப் பார்க்காமல் சோதிப்பது. -1, 0, 49, 50, 100, 101 என்று எல்லை மதிப்புகளைப் பெரும்பாலும் எல்லோருமே சரியாக எழுதியிருந்தார்கள். இரண்டாம் பகுதி ஒயிட் பாக்ஸ், கோடைப் பார்த்தே சோதிப்பது. கொடுத்த கோடுக்கு பிராஞ்ச் கவரேஜ் கிடைக்க, அதாவது ஒவ்வொரு `if`-உம் இரு பக்கமும் ஒருமுறையாவது போக, குறைந்தபட்ச டெஸ்ட் கேஸ்களை எழுத வேண்டும்.

```c
if (m < 0 || m > 100) return -1;
if (m > 50) return 1;
return 0;
```

இரண்டாவது வரியில் `>=` இருந்திருக்க வேண்டும். டைப் செய்யும்போது விட்டிருக்கிறேன், பிறகும் கவனிக்கவில்லை. என் விடைக்குறிப்பில் -5, 30, 70. இரண்டு `if`-களும் உண்மை, பொய் என இரு பக்கமும் போய்விடும். மூன்றுக்கும் சரியான விடையே வரும். அதாவது நூறு சதவீத கவரேஜ் கிடைத்தும் பிழை அப்படியே ஒளிந்திருக்கும்.

ஒரு மாணவி மட்டும் நான்கு எழுதியிருந்தாள்: -5, 30, 50, 70. ஐம்பதுக்கு நேரே, "வர வேண்டியது 1, வருவது 0". நான் அந்த வரியைச் சரியாகப் படிக்கவில்லை. எண்ணிக்கையைப் பார்த்தேன், ஒரு மார்க் குறைத்தேன்.

பேப்பரோடு வந்து நின்றாள்.

"குறைந்தபட்சம்னுதானேம்மா கேட்டிருக்கு? 50 தேவையில்லையே" என்றேன்.

"அப்போ தப்பு இருக்குன்னு தெரிஞ்சும் எழுதாம விடணுமா சார்?"

கவரேஜ் என்பது ஓர் அளவுகோல்தான், பிழை பிடிப்பது வேறு என்று சொல்லி அனுப்பினேன். சொன்னது தவறில்லை. கேட்டதற்கு மட்டும் விடை எழுதுவதும் தேர்வில் ஒரு பயிற்சிதான்.

ஆனால் அன்று இரவு காகிதத்தில் போட்டுப் பார்த்தபோதுதான் உறைத்தது. அந்தக் கோடில் 50 போவது பொய்ப் பக்கம். -5, 50, 70 என்ற மூன்றே போதும். கவரேஜும் கிடைக்கும், பிழையும் வெளியே வரும். அவள் விடையில் மிகையாக இருந்தது 30. நான் தேவையில்லை என்று சொன்னது 50-ஐ. `>=` என்று சரியாக அச்சாகியிருந்தால் 50-உம் 70-உம் ஒரே பக்கம் போயிருக்கும், நான் சொன்னது பொருந்தியிருக்கும். அவள் கையில் இருந்ததோ நான் கொடுத்த கோடு.

எப்படிப் பார்த்தாலும் நான்கு என்பது குறைந்தபட்சம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். மறுநாள் மார்க்கைப் போட்டும் கொடுத்தேன். அப்படியானால் 30-ஐ எழுதிப் பிழையைப் பார்க்காமலே முழு மார்க் வாங்கியவர்களை என்ன செய்வது? அவர்கள் கேட்டதற்குச் சரியான விடைதான் எழுதியிருக்கிறார்கள்.

அடுத்த தேர்வுக்கு அதே கேள்வியை எடுத்து வைத்திருக்கிறேன். `>` குறியைத் திருத்த இன்னும் கை வரவில்லை. 'குறைந்தபட்ச' என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டேன்.