குன்னூர் க்விஸுக்கு ரெண்டு தடவை கேப்ஷன் எழுதினேன்

நாங்க ஏழு பேர் சேர்ந்து குன்னூர்ல ஒரு இன்டர் ஸ்கூல் க்விஸ் நடத்தினோம், போஸ்டருக்கு கீழ போடற கேப்ஷன் எழுதற வேலை எனக்கு. மொதல்ல எழுதினது பார்க்க நல்லாதான் இருந்துச்சு. நீலகிரி, மலை ரயில், குறிஞ்சின்னு நாலு வரி வர்ணனை, அப்புறம் "ஹைஸ்கூல் மாணவர்களே வாங்க", ரொக்கப் பரிசு, கடைசியில ஃபார்ம் லிங்க். மூணு நாள்ல பதிவு பண்ணினது ரெண்டே டீம், ஆனா போன் மட்டும் நிக்கவே இல்ல.

என்ன கேட்டாங்கன்னு ஒரு நோட்டுல எழுதிட்டே வந்தேன், அதுலதான் எல்லாம் புரிஞ்சுது. மொதல் குழப்பம் "ஹைஸ்கூல்". கவர்மென்ட் ஸ்கூல் சார் ஒருத்தர் உயர்நிலைன்னா ஆறுல இருந்து பத்தாவது வரைக்கும்தானேன்னு ஆறாவது பசங்களை ரெடி பண்ணிட்டு இருந்தார், சிபிஎஸ்இ ஸ்கூல் மிஸ் ஒருத்தங்க 9ல இருந்து 12 வரைன்னு எடுத்துட்டு ப்ளஸ் ஒன் பையனை சேர்த்துட்டாங்க. ரெண்டு பேர் மேலயும் தப்பில்ல, அந்த வார்த்தையை போட்டது நான். அதனால வகுப்பை எண்ணாவே போடணும்னு முடிவு பண்ணினேன்.

ரெண்டாவது, ஃபைனல் ரவுண்டு. பஸர் இல்லாம முன்கூட்டியே சீட்டுல விடை எழுதி கொடுக்கறது ஒண்ணு, ஒரு டீமுக்கு தெரியலைன்னா கேள்வி அடுத்த டீமுக்கு போறது இன்னொண்ணு. மொதல்ல சொன்னதுக்கு இங்கிலீஷ்ல pounce, ரெண்டாவதுக்கு bounce. ரெண்டையும் "பவுன்ஸ்"னே எழுதியிருந்தேன், தமிழ் எழுத்துல ரெண்டு வார்த்தையும் ஒண்ணாதான் வருது, படிக்கறவங்களுக்கு எது எதுன்னு எப்படித் தெரியும்? "தப்பா சொன்னா மார்க் குறையுமா"ன்னு கேட்டவங்கதான் அதிகம், குறையறது சீட்டு கொடுத்தா மட்டும்தான். அப்புறம் ஒண்ணை "முந்திக்கறது", இன்னொண்ணை "பாஸ்"னு மாத்தினேன், கேள்வி வர்றது நின்னுடுச்சு.

ப்ரிலிம்ஸ்ல டை விழுந்தா என்னங்கறதையும் போட்டாகணும். ஆறு டீம்தான் மேடைக்கு போகும், ஆறாவது இடத்துக்கு ரெண்டு டீம் 14, 14னு வந்து நின்னா அங்க வெச்சு ரூல் கண்டுபிடிக்க முடியாது, பசங்க அழுதுருவாங்க. 25 கேள்வியில 6க்கு ஸ்டார் போட்டுடுவோம், ஸ்டார் கேள்வியில யாருக்கு அதிகம் சரியோ அவங்க மேல. எங்களுக்கு நிஜமாவே அப்படி வந்துச்சு, ஒரு டீமுக்கு 4 ஸ்டார், இன்னொண்ணுக்கு 3, ரூல் கேப்ஷன்லயே இருந்ததால ஒரு வாக்குவாதமும் இல்ல.

பதிவுதான் ரொம்ப படுத்துச்சு. கூகுள் ஃபார்ம்ல ஸ்கூல் லெட்டரை அப்லோட் பண்ண File upload கேள்வி வெச்சிருந்தேன், அது இருந்தா கூகுள் அக்கவுண்ட்ல லாகின் பண்ணியே ஆகணும், ஸ்டாஃப் ரூம் கம்ப்யூட்டர்ல அங்கயே பல பேர் விட்டுட்டாங்க. போதாததுக்கு Limit to 1 response ஆன்ல இருந்துச்சு, ரெண்டு டீம் அனுப்பற ஸ்கூல் ரெண்டாவது டீமை போடவே முடியல. ரெண்டையும் எடுத்துட்டேன், லெட்டரை அன்னைக்கு கையில கொண்டு வரச் சொன்னேன். அதோட இன்ஸ்டாவில கேப்ஷனுக்குள்ள போடற லிங்க்கை தொட்டா திறக்காது, பயோவுலதான் வைக்கணும். மொதல் ரெண்டு வரிக்கு மேல "more" தொட்டாதான் தெரியும், என் வர்ணனை அந்த ரெண்டு வரியையும் தின்னுடுச்சு.

இன்னொரு விஷயம், நேரம். கூடலூர் பந்தலூர் பக்கத்துல இருந்து வர்றவங்க நடுவட்டம் ஏறி ஊட்டி வந்து அப்புறம் கீழ குன்னூர் இறங்கணும், 9 மணின்னு போட்டா பசங்க விடியறதுக்கு முன்னாடியே கிளம்பணும். 11 மணிக்கு மாத்தினோம்.

ரெண்டாவது தடவை எழுதினது இதுதான்:

"8, 9, 10ஆம் வகுப்புக்கு மட்டும் க்விஸ், குன்னூர், சனிக்கிழமை காலை 11 மணி. ஒரே ஸ்கூல்ல இருந்து ரெண்டு பேர் ஒரு டீம், ஒரு ஸ்கூலுக்கு ரெண்டு டீம் வரை, கட்டணம் இல்லை. ப்ரிலிம்ஸ்: 25 கேள்வி, எழுத்து, 30 நிமிஷம், டை வந்தா ஸ்டார் கேள்வி. ஃபைனல்: 6 டீம். முந்திக்கிட்டு சீட்டு கொடுத்தா சரிக்கு 10, தப்புக்கு மைனஸ் 5. பாஸ்ல வந்த கேள்விக்கு மைனஸ் கிடையாது. பரிசு ஒரு டீமுக்கு மொத்தம் ரூ.3000, 2000, 1000. பதிவு: பயோவில இருக்கற லிங்க், ஒரு டீமுக்கு ஒரு ஃபார்ம், புதன்கிழமை மாலை 5 மணி வரை. ஸ்கூல் லெட்டர், ஸ்டீல் தண்ணி பாட்டில் கொண்டு வரணும், நம்ம மாவட்டத்துல பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை."

பரிசுல "மொத்தம்"கற வார்த்தையை ஒரு மிஸ் சொல்லித்தான் சேர்த்தேன், இல்லைன்னா ஆளுக்கு மூவாயிரம்னு பசங்க நினைச்சுப்பாங்களாம், நியாயம்தான். இதைப் போட்ட அன்னைக்கு சாயங்காலமே 11 டீம் பதிவாச்சு, புதன்கிழமை மூடும்போது 34. பந்தலூர் பக்கத்துல இருந்து மூணு ஸ்கூல் வந்திருந்தாங்க.