மைனஸ் மூன்று, பதினாறு ஆனது

வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள ஒரு நுழைவுத்தேர்வுப் பயிற்சி மையத்தின் தேர்வுப் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வு 2018 முதல் கணினி வழியாகவே நடக்கிறது என்றாலும், மாணவர்கள் அனைவரையும் ஒரே நேரத்தில் உட்கார வைக்கும் அளவுக்கு எங்களிடம் கணினிகள் இல்லை. ஆகவே மாதிரித் தேர்வுகளை ஓஎம்ஆர் தாளிலேயே நடத்தினோம். ஒரே விடை கொண்ட வினாக்களுக்கு அந்த முறை பல தேர்வுகளில் சிக்கலின்றி ஓடியது. ஒன்றோ அதற்கு மேலோ சரியான விடைகள் உள்ள வினாக்களையும் சேர்த்து நடத்திய முதல் தேர்வில்தான், ஸ்கேனர் தருகிற கோப்பை நான் எவ்வளவு கண்மூடித்தனமாக நம்பியிருந்தேன் என்பது தெரியவந்தது.

அவ்வகை வினாக்களுக்கான மதிப்பெண் விதி, வினாத்தாளின் அறிவுரைகளில் படிக்கும்போது ஐந்தாறு வரிகளாக நீண்டு பயமுறுத்தும். சரியான விடைகளை எல்லாம் குறித்து, தவறானது எதையும் குறிக்காவிட்டால் 4. நான்கும் சரியாக இருக்கும் வினாவில் மூன்றை மட்டும் குறித்தால் 3. மூன்றோ அதற்கு மேலோ சரியாக இருக்கும்போது இரண்டை மட்டும் குறித்து இரண்டும் சரியானால் 2. இரண்டோ அதற்கு மேலோ சரியாக இருக்கும்போது ஒன்றை மட்டும் சரியாகக் குறித்தால் 1. எதுவும் குறிக்காவிட்டால் சுழியம். மற்றபடி எப்படி இருந்தாலும் மைனஸ் 2. சற்றே உற்றுப் பார்த்தால் இது முழுவதும் மூன்று கேள்விகளுக்குள் அடங்கிவிடும். தவறானது ஒன்றாவது குறிக்கப்பட்டிருக்கிறதா? இருந்தால் மைனஸ் 2. குறித்தவையும் விடைக்குறிப்பும் அப்படியே ஒத்துப்போகின்றனவா? போனால் 4. இல்லையென்றால், எத்தனை குறித்திருக்கிறாரோ அத்தனை மதிப்பெண். இதைக் கணினிக்கு நான் எழுதிக் கொடுத்த வடிவம் இதுதான்:

```
def mark(ans, key):
    a, k = set(ans), set(key)
    if not a: return 0
    if a - k: return -2
    if a == k: return 4
    return len(a)
```

விடைகளை எழுத்துச் சரமாக அல்லாமல் கணமாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம், AC என்றாலும் CA என்றாலும் ஒன்றாகவே கொள்ள வேண்டும் என்பதே. விதியில் பிழை இல்லை. பிழையெல்லாம் அதற்குள் நுழைந்த தரவில் இருந்தது.

முடிவுகளைக் குறுஞ்செய்தியாக அனுப்பிய அன்று மாலை குடியாத்தத்திலிருந்து ஒரு தந்தை அழைத்தார். “சார், இயற்பியல்ல மைனஸ் மூணுன்னு வந்திருக்கு. பையன் நல்லாத்தான் எழுதியிருக்கேன்னு சொல்றான். கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?” என்று தயக்கத்தோடு கேட்டார். அப்படிக் கேட்பவர்களில் பலருக்குத் தாளை எடுத்துப் பார்த்ததும் எங்கள் கணக்கே சரியென்று தெரியும். அந்த எண்ணத்தோடுதான் தாளை எடுத்தேன்.

அந்தப் பகுதியில் ஆறு வினாக்கள். விடைக்குறிப்பு வரிசையாக AC, ABD, B, BCD, AD, ABCD. மாணவன் குறித்திருந்தது AC, AB, B, BC, D, ACD. விரல்விட்டு எண்ணினாலே 4, 2, 4, 2, 1, 3 என்று பதினாறு வந்துவிடும். எங்கள் கோப்பில் அவனுடைய வரியோ *, *, B, *, D, * என்று இருந்தது. ஸ்கேனர் மென்பொருளில் அந்தத் தேர்வுக்கான அமைப்பை முந்தைய தேர்விலிருந்து நகலெடுத்திருந்தேன். அங்கே எல்லா வினாவும் ஒற்றை விடை வினா என்றே பதிவாகியிருந்தது. ஒற்றை விடை வினாவில் இரண்டு வட்டங்கள் கருப்பாக இருந்தால் அது செல்லாத விடை, ஆகவே மென்பொருள் அங்கே நட்சத்திரக் குறியைப் போட்டுவிடும். என் நிரலுக்கு அந்த நட்சத்திரம் விடைக்குறிப்பில் இல்லாத ஓர் எழுத்து, எனவே தவறான விடை, எனவே மைனஸ் 2. நான்கு மைனஸ் 2, ஒரு 4, ஒரு 1. கூட்டினால் மைனஸ் மூன்று.

இரண்டு விடை குறிக்கும் அளவுக்குப் பாடம் தெரிந்த ஒவ்வொருவரும் இப்படித்தான் தண்டிக்கப்பட்டிருந்தார்கள். ஒன்றை மட்டும் குறித்துவிட்டுப் போனவர்களே தேர்வில் முன்னணியில் நின்றார்கள். தரவரிசையைப் பார்த்தபோதே இது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

தாள்களை மறுபடி ஸ்கேன் செய்யத் தேவையிருக்கவில்லை. படங்கள் கணினியில் இருந்ததால் அமைப்பை மட்டும் பல விடை வினா என்று மாற்றி, கோப்பைப் புதிதாக எடுத்தோம். இம்முறை AC, ABD என்று எழுத்துகள் வந்தன. அந்த மாணவனின் மதிப்பெண் பத்து என்று வந்தது. மைனஸ் மூன்றைப் பார்த்த கண்ணுக்குப் பத்து என்பது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் விரல்விட்டு எண்ணியதில் பதினாறு வந்திருந்ததே.

அப்போதுதான் ஒரு சோதனையைக் கண்டுகொண்டேன். விடைக்குறிப்பில் எத்தனை எழுத்துகள் இருக்கின்றன என்பதைப் பொறுத்து, ஒரு வினாவில் வரவே முடியாத மதிப்பெண்கள் சில உண்டு. ஒரே விடை சரியான வினாவில் 4, சுழியம், மைனஸ் 2 தவிர வேறு எதுவும் வராது. இரண்டு விடை வினாவில் 2 என்ற மதிப்பெண்ணே கிடையாது, ஏனென்றால் இரண்டையும் சரியாகக் குறித்தால் 4 கிடைத்துவிடும். மூன்று விடை வினாவில் அதே காரணத்தால் 3 வராது. நான்கும் சரியான வினாவில் தவறான விடை என்று ஒன்று இல்லாததால் மைனஸ் 2 வர முடியாது. முதல் வினாவின் நெடுக்கையில் வரவே கூடாத 2 வரிசையாக நின்றது. ஆறாம் வினாவின் நெடுக்கையைப் பழைய கோப்பில் திருப்பிப் பார்த்தேன். வரவே முடியாத மைனஸ் 2 அங்கே குவிந்து கிடந்தது. தந்தையின் அழைப்புக்குக் காத்திராமல், முதல் நாளே அந்த ஒரு நெடுக்கையைப் பார்த்திருந்தால் போதுமாயிருந்தது.

முதல் வினாவின் 2 எங்கிருந்து வந்தது என்று தேடியபோது குற்றவாளியாக ஒரு காற்புள்ளி அகப்பட்டது. இயற்பியல் ஆசிரியர் விடைக்குறிப்பை A,C என்று தட்டச்சு செய்து கொடுத்திருந்தார். நிரலுக்கு அது A, காற்புள்ளி, C என்ற மூன்று உறுப்புகள். AC என்று குறித்தவரிடம் தவறு எதுவும் இல்லை, ஆனால் விடைக்குறிப்போடு முழுதும் ஒத்தும் போகவில்லை. எனவே இரண்டு குறித்ததற்கு இரண்டு மதிப்பெண். ஒரு வினாவை முழுதும் சரியாகச் செய்தவர் மட்டுமே இதில் நட்டப்பட்டார். எழுத்துக்குப் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தாலும் இதே கதிதான், அதுவோ திரையில் கண்ணுக்கே தெரியாது. அதன் பிறகு விடைக்குறிப்பில் A, B, C, D என்ற நான்கு எழுத்துகளைத் தவிர எதைக் கண்டாலும் நிரல் நின்றுவிடும்படி மாற்றினேன். மாணவர் விடைக்கும் அதே கட்டுப்பாடு. நட்சத்திரம் வந்தால் மைனஸ் 2 போடாமல் கூச்சல் போட வேண்டும்.

காற்புள்ளியை நீக்கியதும் மதிப்பெண் பன்னிரண்டு ஆயிற்று. வரமுடியாத மதிப்பெண் எந்த நெடுக்கையிலும் இல்லை. இருந்தும் நான்கு குறைந்தது.

நான்காம் வினாவில் அவன் குறித்தது BC. கோப்பில் இருந்தது ABC. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது A வட்டத்தில் அழித்த தடம் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. நாங்கள் பென்சிலை அனுமதித்திருந்தோம். தேர்வு நடந்தது கத்திரி வெயில் நாட்களில். வேலூர் வெயிலில், மின்விசிறி மட்டும் சுழலும் அறையில், வியர்த்த கையால் அழித்தால் பென்சில் கரி போகாது, பரவும். மென்பொருள் ஒவ்வொரு வட்டத்திலும் எத்தனை சதவீதம் கருமை என்று அளந்து, நாங்கள் வைத்திருந்த 40 என்ற எல்லையைத் தாண்டினால் குறித்ததாகக் கொள்ளும். அந்த வட்டம் 43 காட்டியது. அருகில் இருந்த B, C இரண்டும் 80க்கு மேல்.

ஒற்றை விடை வினாவில் இந்தக் கறை பெரிய ஆபத்து இல்லை. நான்கு வட்டங்களில் ஒன்றுதான் விடை என்பதால், மிகக் கருத்ததை அடுத்ததோடு ஒப்பிட்டு முடிவெடுக்க முடியும். முடியாதபோது நட்சத்திரம் விழும், யாராவது தாளைப் பார்ப்பார்கள். பல விடை வினாவில் ஒப்பிட எதுவும் இல்லை. ஒவ்வொரு வட்டத்தையும் தனியாகவே தீர்மானிக்க வேண்டும், ABC என்பது BC போலவே முறையான விடையாகத் தோன்றும். எந்தச் சோதனையிலும் அது சிக்காது. இரண்டு மதிப்பெண்ணை மைனஸ் இரண்டாக்குகிறது. முழுதும் சரியான விடையில் விழுந்தாலோ ஆறு மதிப்பெண் வித்தியாசம்.

எல்லையை 60 ஆக உயர்த்திவிடலாம் என்று ஒரு சக ஊழியர் சொன்னார். அப்படிச் செய்தால் மெல்லிய கையால் தீட்டுகிறவர்கள் மொத்தமாக அடிபடுவார்கள், அவர்களுடைய உண்மையான வட்டங்களே 50 அளவில்தான் இருக்கும். ஆகவே எல்லையை அப்படியே விட்டுவிட்டு, கருமை அளவையும் கோப்பில் எடுத்து, 30க்கும் 60க்கும் இடைப்பட்ட வட்டங்களை மட்டும் இருவர் உட்கார்ந்து படத்தில் பார்த்தோம். அதே தாளில் மற்ற வட்டங்கள் எவ்வளவு கருப்பு என்பதோடு ஒப்பிட்டால் பெரும்பாலானவற்றில் ஐயமே எழவில்லை. எல்லாமே 50 காட்டும் தாளில் 48 என்பது விடை. எல்லாமே 85 காட்டும் தாளில் 43 என்பது அழிப்பு. உண்மையான தேர்வில் இப்படி இரக்கம் காட்ட மாட்டார்கள் என்று வேதியியல் ஆசிரியர் கோபித்துக்கொண்டார். அது சரிதான், ஆனால் அழிக்கலாம் என்று அனுமதித்தவர்கள் நாங்கள்.

குடியாத்தத்துக்குப் பதினாறு என்று செய்தி போயிற்று. நாங்கள் படத்தில் பார்த்தவற்றில் வேறொரு தாளும் இருந்தது. ஐந்தாம் வினாவில் ஒரு மாணவி D குறித்து, A குறித்ததை அழித்திருந்தாள். அழித்த A 41 காட்டியதால், கோப்பு அதை AD என்று படித்து 4 கொடுத்திருந்தது. அவளுக்குரியது 1. அவளுடைய வீட்டிலிருந்து யாரும் அழைத்திருக்கவில்லை, அழைத்திருக்கவும் மாட்டார்கள். மூன்று மதிப்பெண் குறைகிறது என்று சொல்ல அந்த ஆற்காட்டு எண்ணுக்கு நான்தான் அழைக்க வேண்டியிருந்தது.