மருதமுனைச் சேலையில் நெளிந்த அலை அடங்கியது

கருநீலமும் வெள்ளையும் மாறி மாறிப் பாவோடிய அந்தக் கைத்தறிச் சேலையில் இப்போது ஒரு நெளிவுகூட இல்லை. நெருக்கமான கோடுகளைக் கமரா படம் பிடிக்கும்போது துணியில் இல்லாத பட்டைகள் தோன்றுமே, அந்த முவாரே, மென்பொருளும் இல்லாமல், புதிய கமராவும் இல்லாமல் போய்விட்டது. நம் ஊர் உச்சி வெயிலும் லென்ஸின் துவாரத்தை நன்றாகச் சிறுக்க வைக்கும் f/22 உம்தான் அதைச் செய்தன.

மருதமுனைத் தறிக்காரர் ஒருவருக்காக எடுக்கும் விளம்பர வீடியோ இது. முதல் காட்சியைப் பார்த்ததும் அந்தத் தறிக்கார நானா முகம் சுளித்தார். "தம்பி, சேலை தண்ணீர் மாதிரி ஓடுகிறதே, இதைப் பார்த்து யார் வாங்குவார்கள்?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. முந்தானையின் குறுக்கே இளஞ்சிவப்பும் பச்சையுமாகப் பட்டைகள். சேலை கட்டிய பெண் ஓரடி எடுத்து வைத்தால் பட்டைகள் துணியைவிட வேகமாக நகர்ந்தன. உண்மையான நெசவுக் கோடு துணியோடுதான் போகும். அதை முந்திக்கொண்டு ஓடுவது முவாரே. ஆனால் கமராவின் சின்னத் திரையை நம்பித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். படத்தைச் சுருக்கிக் காட்டும்போது இல்லாத பட்டையும் தோன்றும். கணினியில் நூறு வீத அளவில் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

அடிமட்டத்தை வைத்து அளந்தேன். ஒரு நீலம், ஒரு வெள்ளை சேர்ந்த சோடிக்குச் சரியாக 1 மில்லிமீற்றர். ஆள் முழுவதும் தெரிய, கமராவை நிமிர்த்தி, 2 மீற்றர் உயரத்தை வீடியோவின் 1920 படப் புள்ளிகளில் எடுக்கிறேன். ஒரு புள்ளிக்கு 1.04 மில்லிமீற்றர் விழுகிறது. சோடியைப் பிரித்துக் காட்ட இரண்டு புள்ளியாவது வேண்டும். இங்கே ஒன்றுகூட முழுதாகக் கிடைப்பதில்லை. 1 உம் 1.04 உம் சிறிது சிறிதாக விலகி, ஏறக்குறைய 25 மில்லிமீற்றருக்கு ஒரு தடவை மறுபடி ஒத்துப்போகின்றன. திரையில் நான் அளந்த பட்டையின் அகலமும் அதுவே. பழைய டி.எஸ்.எல்.ஆர். வீடியோவில் வரிகளைத் தாண்டித் தாண்டிப் படிப்பதால் இது இன்னும் மோசமாகும். புகைப்படத்தில் அப்படித் தாண்டுவதில்லை; அதே இடத்தில் எடுத்த புகைப்படம் சுத்தமாக இருந்ததற்குக் காரணமும் அதுதான்.

எல்லோரும் செய்யும் வைத்தியத்தை முதலில் செய்தேன். நிறத்தை மட்டும் மங்கலாக்குவது:

```
ffmpeg -i selai.mp4 -vf "gblur=sigma=8:planes=6" -c:v libx264 -crf 16 -c:a copy out.mp4
```

இங்கே 6 என்பது இரண்டு நிறத் தளங்களை மட்டும் குறிக்கும்; வெளிச்சத் தளத்தை அது தொடாது. இளஞ்சிவப்பும் பச்சையும் மறைந்தன. ஆனால் கறுப்பு வெள்ளை நெளிவு அப்படியே இருந்தது, சேலைக் கரையின் சிவப்பும் கைக்கு வழிந்தது. பதிவான பிறகு நெளிவையும் நூலையும் பிரிக்க வழியில்லை. ஆகவே அது சென்சரை அடையும் முன்பே நிறுத்த வேண்டும்.

லென்ஸின் துவாரம் சிறுத்தால் ஒளி விரிந்து பரவும். f/22 இல், பச்சை ஒளிக்கு, எவ்வளவு நல்ல லென்ஸாலும் சென்சரின் மேல் ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழ 82 சோடிகளுக்கு மேல் வரைய முடியாது. என் ஏ.பி.எஸ்.-சி சென்சரில் இந்தச் சேலையின் சோடிகள் விழுவதோ மில்லிமீற்றருக்கு 90 அளவில். அதாவது அந்தக் கோடுகள் சென்சருக்குப் போய்ச் சேரவே மாட்டா. துணி மென்மையான ஒரே நீலமாக வந்தது. தூரத்தில் நின்று பார்க்கும் கண்ணுக்கும் அந்தச் சேலை அப்படித்தான் தெரியும். முகம் சற்றே மென்மையானது, கெட்டுப்போகவில்லை.

வெளிச்சம் போதுமா என்று கவலைப்பட வேண்டியதில்லை. முழு வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, f/22, ஷட்டர் 1/50 என்பது சரியான அளவு. 25 பிரேம் வீடியோவுக்கு வேண்டிய ஷட்டரும் அதுவே. வெயிலைக் குறைக்க வாங்கி வைத்த என்.டி. கண்ணாடி பைக்குள்ளேயே கிடந்தது. ஒரே தொல்லை தூசி. f/5.6 இல் தெரியாத சென்சர்த் தூசியெல்லாம் வானத்தில் கரும்புள்ளியாக நின்றது. எடுப்பதற்கு முன் புளோவரால் ஊதிவிடுங்கள். கல்முனைக் கடைகளில் கேட்டால் லென்ஸ் துடைக்கும் தூரிகையைத்தான் தருகிறார்கள்; அதைச் சென்சர்ப் பக்கம் கொண்டு போகவே வேண்டாம்.

இடுப்பளவுக் காட்சிக்கு இந்த வழி போதாது. சட்டகம் 1 மீற்றர் ஆனால் சோடிகள் 45 அளவுக்கு இறங்கிவிடுகின்றன, f/22 அவற்றைத் தடுக்காது. அங்கே இன்னும் நெருங்கி 80 சென்ரிமீற்றருக்குள் எடுத்தால் சோடிக்கு 2.4 புள்ளி கிடைக்கும். நூல் நூலாகவே தெரியும். எஞ்சும் நிறக்கறைக்கு மேலே உள்ள கட்டளை போதும். அந்தக் காட்சிகளை இன்னும் எடுக்கவில்லை.

அதற்குள் நானா அடுத்ததைக் கேட்டுவிட்டார். கரை வடிவத்தைக் கணினியில் வரைவதையும் வீடியோவில் காட்ட வேண்டுமாம். 24 அங்குல மொனிற்றரின் புள்ளி 0.277 மில்லிமீற்றர். திரை சட்டகத்தை நிறைத்தால் மொனிற்றரின் ஒரு புள்ளி வீடியோவின் ஒரு புள்ளிக்கு நேராக வரும்; சேலைக் கணக்கேதான். அறைக்குள் வெயில் இல்லாததால் ஐ.எஸ்.ஓ.வை உயர்த்தியாக வேண்டும், திரையில் உள்ள எழுத்தும் மங்கும். f/22 ஐயும், குவியத்தைத் திரைக்குச் சற்று முன்னால் வைப்பதையும் அடுத்தடுத்து எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறேன்.