ஐந்து வரிக் குறிப்பிலிருந்து ஒரு நிமிடப் பதில்

ஜனவரி 5
கையில் இருப்பது குடிமைப்பணி நேர்முகத்துக்குப் போகும் ஒருவரின் தன்குறிப்பு. திருவாரூர் மாவட்டம், அப்பா நெல் விவசாயி, கோவையில் வேளாண் பொறியியல், 2020, சொட்டுநீர்ப் பாசன நிறுவனத்தில் இரண்டு ஆண்டு, பொழுதுபோக்கு பாரம்பரிய நெல், வாசிப்பு. “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றால் இதை அப்படியே ஒப்பிக்கத்தான் கை போகும். ஆனால் இவையெல்லாம் உள்ள விரிவான விண்ணப்பப் படிவம் நேர்முகக் குழுவின் முன்னால் இருக்கிறது. மதிப்பெண் சதவீதம், பள்ளிப் பெயர் எல்லாவற்றையும் அடித்தாயிற்று.

ஜனவரி 6
மிச்சமிருக்கும் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஒரு தூண்டில். அதன்மேல் மூன்று கேள்வி வந்தால் தாங்குமா என்று பார்க்க வேண்டும். ‘வாசிப்பு’ இரண்டாவது கேள்வியிலேயே விழுந்தது, நீக்கம். ‘பாரம்பரிய நெல்’ நின்றது: மாப்பிள்ளைச் சம்பாவின் வயது ஏறத்தாழ 160 நாள், உயரமாக வளர்வதால் காற்றில் சாயும், விளைச்சல் குறைவு. குறையையும் சொல்லத் தெரிந்தவரைத்தான் குழு நம்பும். சொட்டுநீர் வேலை இன்னொரு கேள்வியை இழுக்கும்: “உங்கள் ஊர் நெல்லுக்கு ஏன் அதைப் போடவில்லை?” வாய்க்கால் முறைப்பாசனம், களிமண், தேங்கு நீரில் நடவு. மூன்று காரணமும் தயார்.

ஜனவரி 8
2022க்குப் பிறகான இடைவெளி. முதல் வரைவில் ‘தேசப் பணியின் மீதான தீராத வேட்கையால்’ என்று இருந்தது. வெட்டிவிட்டு இப்படி மாற்றினோம்: “2022இல் வேலையை விட்டேன். அன்றிலிருந்து தேர்வுக்குப் படிக்கிறேன்.” மறைத்தால்தான் துருவுவார்கள்.

ஜனவரி 9
முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதியவர், நேர்முகத்துக்கும் தமிழையே தேர்ந்தெடுத்திருக்கிறார். அதாவது பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் இருப்பார். இங்கேதான் வரைவு உதைத்தது. ‘கோவையில் வேளாண் பொறியியல் முடித்து, உழவர்களின் வயல்களில் குழாய் அமைக்கும் நிறுவனத்தில் சேர்ந்து, இரண்டு ஆண்டு பணியாற்றியபோது தண்ணீர்ச் சிக்கலை நேரில் உணர்ந்தேன்.’ தமிழில் வினை கடைசியில் வருகிறது; அதைக் கேட்கும்வரை ஆங்கில வாக்கியத்தைத் தொடங்க முடியாது. மொழிபெயர்ப்பாளர் எல்லாவற்றையும் மனதில் சுமப்பார். நடுவில் ஒன்று நழுவும். பெரும்பாலும் நழுவுவது நாம் போட்ட தூண்டிலாகவே இருக்கும்.

உடைத்த பிறகு: “கோவையில் வேளாண் பொறியியல் படித்தேன். பிறகு இரண்டு ஆண்டு வயல்களில் சொட்டுநீர்க் குழாய் அமைத்தேன். கடைமடையில் தண்ணீர் வராத நிலங்களை அங்கே பார்த்தேன்.” ‘கடைமடை’ என்ற சொல் ஆங்கிலத்துக்குப் போகும்போது கரைந்துவிடும் என்பதால், ‘வாய்க்காலின் கடைசியில் உள்ள வயல்’ என்று மாற்றினோம். சொல்லில் அழகு போனாலும் பொருள் போய்ச் சேரும்.

ஜனவரி 11
கடிகாரம் வைத்து வாய்விட்டுச் சொன்னதில் 1 நிமிடம் 25 நொடி. மொழிபெயர்ப்பும் சேர்ந்தால் மூன்று நிமிடத்தைத் தொடும். அப்பாவைப் பற்றிய இரண்டாம் வாக்கியத்தையும் ‘மிக்க நன்றி’யையும் எடுத்ததும் 58 நொடி. கடைசி வரியாகப் பாரம்பரிய நெல்லை நகர்த்தினோம். காதில் கடைசியாக விழுந்ததிலிருந்து அடுத்த கேள்வி வர வாய்ப்பு அதிகம். இனி எழுத்தில் திருத்தம் இல்லை. நாளையிலிருந்து தாளைப் பார்க்காமல், ஒவ்வொரு முறையும் வாக்கியங்களைச் சற்றே மாற்றிச் சொல்லும் பயிற்சி.